ஒரு காருக்கு ஆறு நிமிடம்: அப்பார்ட்மென்ட் வண்டி துடைப்புச் சந்தாவின் கணக்கு

காலையில் பேஸ்மென்டுக்கு இறங்கினால் சில கார்களின் வைப்பர்கள் இரண்டும் தூக்கி நிற்கும். துடைத்தாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ரசீதும் வேண்டாம், குறுஞ்செய்தியும் வேண்டாம். வைப்பர் படுத்தே இருந்தால் இன்று நம் முறை வரவில்லை என்று அர்த்தம். அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் முதல் புகார் விழும்: "மாதம் 550 ரூபாய் வாங்குகிறார்கள், இரண்டு நாளாக வண்டி தூசியோடு நிற்கிறது."

எங்கள் குடியிருப்பு சங்கத்தில் இரண்டு வருடம் பொறுப்பில் இருந்தபோது இந்தப் புகார்களைத் தீர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஆள் சரியில்லை, கம்பெனி சரியில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒரு நாள் அதிகாலை நாலரைக்குக் கீழே போய், கையில் கடிகாரத்தோடு எட்டேகால் வரை வண்டி துடைப்பவர் கூடவே நடந்து பார்த்தேன். அதற்குப் பிறகு ஒருவர் எத்தனை ரூபாய் வாங்குகிறார் என்பதைவிட எத்தனை வண்டி பார்க்கிறார் என்றுதான் கேட்கத் தோன்றியது. இந்தச் சந்தாவின் நல்லது கெட்டது எல்லாம் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

வேலை ஏன் அதிகாலையில் நடக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். எல்லா வண்டியும் ஒரே இடத்தில் நிற்கிற நேரம் அதுதான். ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வண்டிகள் கிளம்பத் தொடங்கும், எட்டரைக்குள் அலுவலகம் போகிறவர்களில் பாதிப் பேர் போயிருப்பார்கள். இரவெல்லாம் நின்ற காரின் பானெட் குளிர்ந்திருக்கும், வெயிலும் இருக்காது. அதனால் ஈரத் துணி போட்டதும் தண்ணீர் காய்ந்து திட்டுத் திட்டாக நிற்பதில்லை. பகல் பதினோரு மணிக்கு வெட்டவெளியில் நிற்கிற காரை ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். துடைத்துக்கொண்டே போகும்போது பின்னாலேயே வெள்ளைக் கோடுகள் தெரியும்.

வரிசையை அவர்களே கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். சீக்கிரம் கிளம்புகிற கார்கள் முதலில், ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும் இடங்களில் வெளிப்பக்கம் நிற்கும் வண்டி அடுத்து, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களின் கார் கடைசியில். நைட் ஷிப்ட் முடித்து ஐந்தரை மணிக்கு உள்ளே வரும் கார்கள் தனி ரகம். பானெட்டைத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறட்டும் என்று விட்டுவிட்டுப் போவார் எங்கள் வண்டி துடைக்கும் அண்ணன். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது தன் வண்டியைத் தாண்டிப் போனதாகத்தான் தெரியும்.

இப்போது கணக்குக்கு வருவோம். நான் பார்த்த அன்று அவர் கையில் 24 கார்களும் 10 டூவீலர்களும் இருந்தன. நாலரை முதல் எட்டேகால் வரை 225 நிமிடம். குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடிப்பது, துணி அலசுவது, ஒரு பிளாக்கிலிருந்து அடுத்த பிளாக்குக்கு நடப்பது இவற்றுக்கே அரை மணி நேரம் போனது. டூவீலருக்குத் தலா மூன்று நிமிடம் என்றால் இன்னொரு அரை மணி. மீதி 165 நிமிடம்.

இதிலிருந்து உள்பக்கச் சுத்தத்தைக் கழிக்க வேண்டும். எங்கள் திட்டத்தில் ஒவ்வொரு காருக்கும் மாதம் இரண்டு முறை உள்ளே வாக்குவம் போட்டு, மிதியடி தட்டி, டேஷ்போர்டு துடைக்க வேண்டும். 24 கார்களுக்கு 48 முறை. வாரம் ஒரு நாள் விடுமுறை போக மாதத்துக்கு 26 காலை என்று வைத்தால், தினமும் கிட்டத்தட்ட இரண்டு கார். ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடமாவது ஆகும். ஆக 24 நிமிடம் போய் மிச்சம் 141. அதை 24-ஆல் வகுத்தால் ஒரு காருக்கு ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

ஆறு நிமிடத்தில் என்ன செய்ய முடியும்? ஒழுங்காகச் செய்தால் காய்ந்த தூசியை மெல்லத் தட்டுவதற்கு ஒரு நிமிடம். மேற்கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி ஈரத் துணியால் துடைக்க இரண்டரை நிமிடம். கண்ணாடிகளுக்கு ஒன்று. காய்ந்த துணியால் ஈரத்தை எடுக்க ஒன்று. மீதி அரை நிமிடத்தில் வீல் கப்பை ஒரு சுற்று. முடிந்தது, வைப்பரைத் தூக்கிவிட்டு அடுத்த வண்டி. கதவு இடுக்கு, பெட்ரோல் மூடிக்குள், நம்பர் பிளேட்டின் பின்புறம் இதெல்லாம் இந்த ஆறு நிமிடத்தில் சேராது. சேரும் என்று எதிர்பார்ப்பதில்தான் பாதிச் சண்டை வருகிறது.

அதே ஆளிடம் 30 கார்களைக் கொடுத்தால்? உள்பக்க வேலை நாளுக்கு 28 நிமிடமாகும். மிச்சமிருக்கிற 137 நிமிடத்தை 30-ஆல் வகுத்தால் நாலரை நிமிடம்தான் வரும். குறையும் அந்த ஒன்றரை நிமிடம் எங்கே வெட்டுப்படும் என்று யோசிக்க வேண்டியதில்லை. முதலில் தட்டும் வேலை, கடைசியில் உலர்த்தும் வேலை, இந்த இரண்டும்தான் போகும். நேராக ஈரத் துணியோடு தொடங்கி ஈரத்தோடேயே விட்டுவிடுவார். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. பெயின்டுக்குக் கேடு வருவதோ சரியாக அந்த இரண்டு இடத்தில்தான்.

கார் பெயின்டின் மேல் நிறமில்லாத ஒரு பாதுகாப்புப் பூச்சு இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். அது சுமார் 40 மைக்ரான் தடிமன், அதாவது நம் தலைமுடியைவிட மெல்லியது. கார் மேல் இருக்கும் தூசியில் மணல் துகளும் கட்டட வேலை நடக்கிற பக்கத்திலிருந்து வரும் சிமென்ட் தூளும் கலந்திருக்கும். அதைத் தட்டாமல் ஈரத் துணியை வைத்துத் தேய்த்தால் துணி உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சிலந்தி வலை போல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் மின்னும். கறுப்பு, கருநீலக் கார்களில் நன்றாகத் தெரியும், வெள்ளையில் ஒளிந்துகொள்ளும். பேஸ்மென்டில் பார்க்க வேண்டுமென்றால் போன் டார்ச்சைப் பானெட்டுக்கு அருகில் பிடியுங்கள், போதும். பாலிஷ் மிஷினைப் போட்டு அதை எடுக்கலாம்தான். ஆனால் எடுப்பது என்பதே அந்த 40 மைக்ரானில் கொஞ்சத்தைச் சீவுவதுதான், எத்தனை முறை வேண்டுமானாலும் சீவ முடியாது.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆளைப் பின்தொடர வேண்டாம், வாளியைப் பாருங்கள். மூன்று நான்கு காருக்கு ஒரு முறையாவது தண்ணீர் மாறுகிறதா? வாளியின் அடியில் கைவிட்டால் நறநறவென்று மணல் தட்டுப்பட்டால், அந்த மணல்தான் அடுத்த காரின் பானெட்டுக்குப் போகிறது. பாடிக்கு ஒரு துணி, கண்ணாடிக்கு ஒன்று, டயருக்கு ஒன்று எனக் குறைந்தது மூன்று துணி தனித்தனியாக இருக்க வேண்டும். எங்கள் இடத்தில் துணிகளைச் சங்கச் செலவிலேயே மூன்று நிறத்தில் வாங்கிக் கொடுத்தோம். தரையில் விழுந்த துணியை அன்றைக்கு மறுபடி பாடியில் வைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் கறாரான விதி.

தண்ணீர் விஷயத்தில் இந்தத் தினசரித் துடைப்பைக் குறை சொல்ல முடியாது. ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டு ஒரு காரைக் கழுவினால் நூறு லிட்டர் சர்வ சாதாரணமாகப் போய்விடும். வாளித் துடைப்பில் காருக்கு நாலைந்து லிட்டர்தான். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது பல குடியிருப்புகள் ஹோஸை எடுத்துப் பூட்டி வைத்தன. பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் குடிநீரைக் கொண்டு வண்டி கழுவத் தடை போட்டு, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது.

இதனால் ஆர்ஓ மிஷின் கழித்துவிடும் தண்ணீரை வாளிக்குப் பயன்படுத்தலாம் என்று நல்லெண்ணத்தில் பலர் சொல்வார்கள். நாங்களும் செய்து பார்த்தோம். போர்த் தண்ணீரே உப்பு, அதில் ஆர்ஓ பிரித்து ஒதுக்கியது இன்னும் அதிக உப்பு. உலர்த்தாமல் விட்டால் கண்ணாடியிலும் கறுப்புப் பெயின்டிலும் வெள்ளைப் புள்ளிகள் படிந்து, கொஞ்ச நாளில் சாதாரணத் துடைப்புக்கு அசையாது. நாலரை நிமிடக்காரர் உலர்த்துவதைத்தான் முதலில் விடுவார் என்று சொன்னேன் அல்லவா, இரண்டும் சேர்ந்தால் சேதம் நிச்சயம். ஆர்ஓ கழிவைத் தரை கழுவ விட்டுவிடுங்கள், காருக்கு இருப்பதில் உப்புக் குறைவான தண்ணீரைக் கொடுங்கள். நாலைந்து லிட்டர்தானே.

பேஸ்மென்டில் இன்னொரு வெள்ளைக் கறையும் உண்டு. அது துடைப்பவர் தவறு அல்ல. மேல்தளத்து கான்கிரீட் வெடிப்பு வழியாகக் கசியும் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு சொட்டும். ஒரே இடத்தில், ஒரே கோட்டில் சொட்டுச் சொட்டாக இருந்தால் அதுதான். தேய்த்தால் கீறல்தான் விழும். வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியை நனைத்துச் சில நிமிடம் மேலே போட்டு வைத்தால் இளகும், பிறகு நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். நாள்பட்டால் பெயின்டையே அரித்துவிடும், அப்போது வினிகரும் கைகொடுக்காது.

சரி, பணம். எங்கள் குடியிருப்பில் நடக்கும் கட்டணம் இது: சிறிய ஹேட்ச்பேக் காருக்கு 550, செடானுக்கு 600, எஸ்யூவிக்கு 700, டூவீலருக்கு 200. ஊருக்கு ஊர், ஏரியாவுக்கு ஏரியா இது ஏறி இறங்கும். 550 ரூபாயை 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 21 ரூபாய். ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசு.

துடைப்பவர் பக்கத்திலிருந்து பார்ப்போம். 24 கார்களில் 14 ஹேட்ச்பேக், 4 செடான், 6 எஸ்யூவி. கார் வருமானம் 14,300, டூவீலரில் 2,000, மொத்தம் 16,300 ரூபாய். துணி, ஷாம்பு, பாலிஷ் என்று 800 போனால் 15,500 நிற்கும். தனியாக வேலை பார்க்கிறவருக்கு இது முழுக்க அவருடைய பணம், ஆனால் காய்ச்சலில் படுத்தால் மாற்று ஆள் கிடையாது. அந்த வாரம் முழுக்க வைப்பர்கள் படுத்தேதான் கிடக்கும்.

கம்பெனி வழியாக வந்தால் அதே 16,300 வேறு மாதிரிப் பிரிகிறது. ஜிஎஸ்டி பதிவு உள்ள நிறுவனமென்றால், கட்டணத்துக்குள்ளேயே அடங்கிய 18 சதவீத வரியாக ஏறக்குறைய 2,500 போய்விடும். வேலை செய்பவருக்குக் காலை ஷிப்டுக்கு 9,500 கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுகிற 4,300-க்குள் சூப்பர்வைசர், விடுப்புக்கு மாற்று ஆள், துணிமணி, செயலிச் செலவு, லாபம் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. அடங்க வைக்க ஒரே வழி, அதே சம்பளத்துக்கு 24 வண்டியை 30 ஆக்குவது. புது வாடிக்கையாளர் சேரச் சேர தரம் இறங்குவது இப்படித்தான். யாரும் ஏமாற்றவில்லை, நிமிடம்தான் குறைகிறது. முதல் மாதம் பளபளவென்று இருந்தது, மூன்றாம் மாதம் போச்சு என்று குழுவில் புலம்புகிறவர்கள் எல்லோரும் இந்த வகுத்தலைத்தான் அனுபவிக்கிறார்கள்.

அதனால் ஒப்பந்தம் பேசும்போது விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதைவிட, ஒரு ஆளுக்கு இத்தனை கார்தான் என்று எழுதி வாங்குவது மேல். நாங்கள் 25 என்று எழுதினோம். அதற்காக ஐம்பது ரூபாய் ஏற்றிக் கேட்டார்கள், முப்பதில் முடிந்தது. நான் மேலே போட்ட கட்டணம் அந்த முப்பதையும் சேர்த்ததுதான். துடைத்து முடித்ததும் காரைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்றுகிறோம் என்று சில நிறுவனங்கள் பெருமையாகச் சொல்லும். வந்தாரா வரவில்லையா என்பதற்கு அது உதவும், எப்படித் துடைத்தார் என்பதற்கு உதவாது. தவிர, 25 காருக்குப் படம் எடுக்கிற நேரமும் அந்த ஆறு நிமிடத்திலிருந்துதான் போகிறது.

பழைய கீறலா புதுக் கீறலா என்ற சண்டைக்கு மட்டும் படம் நல்ல மருந்து. சேரும் நாளிலேயே நான்கு பக்கமும் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கச் சுத்தத்துக்குச் சாவியை வாட்ச்மேனிடம் விட்டுப் போகிற பழக்கம் வேண்டாம். சில்லறை காணோம் என்று ஒரு பேச்சு வந்தால் பாவம், இருவர் மேலும் சந்தேகம் விழும். ஞாயிற்றுக்கிழமை நாம் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றால் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். எங்கள் ஆளுக்கு வார விடுமுறை திங்கட்கிழமையாக இருப்பதற்குக் காரணமே இதுதான்.

டூவீலருக்கு மூன்று நிமிடம் என்றேன். சீட், டேங்க், மட்கார்டு, கண்ணாடி, ஹெட்லைட் இவற்றைத் துடைக்க அது போதும். செயினுக்கு எண்ணெய் போடுவது, இன்ஜின் பக்கத்துச் சேற்றை எடுப்பது எல்லாம் தனி வேலை, தனிக் காசு. டூவீலரில் குறையாகச் செய்வதைவிட அதிகமாகச் செய்வதுதான் ஆபத்து. சாவித் துவாரத்திலும் சுவிட்சுகளிலும் தண்ணீர் ஊற்றக் கூடாது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று டயர் முழுக்கப் பாலிஷ் தடவினால் தரையில் படும் பகுதி வழுக்கும், முதல் வளைவிலேயே தெரிந்துவிடும். டிஸ்க் பிரேக் தட்டில் பாலிஷோ எண்ணெயோ பட்டால் பிரேக் பிடிக்காது. கார் டேஷ்போர்டுக்குப் போடும் பாலிஷ் துணியாலேயே பைக் சீட்டையும் தேய்த்துவிட்டால், பிரேக் போடும்போதெல்லாம் நாம் முன்னால் சறுக்குவோம். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜில் இருந்தால் அதைத் தொடாமல் போகச் சொல்லிவிடுங்கள், ஒரு நாள் தூசியோடு இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

மழைக்காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, துடைத்த அரை மணியில் வண்டி சேறாகிவிடும், எதற்குக் காசு என்று கேட்பார்கள். சேறு காய்ந்த கார்தான் துடைப்பவருக்கு அதிக வேலை. மழைக்காக யாரும் கட்டணத்தைக் குறைப்பதில்லை. ஊருக்குப் போய்விட்டோம், பத்து நாள் கார் இல்லை என்றாலும் பெரும்பாலும் கழிவு கிடையாது, ஆளுக்கு மாதக் கணக்கில்தான் வரும்படி. நம்மிடம் வேலை செய்பவர் சொல்லாமல் வராத நாளுக்கு மட்டும் கழிவு என்று பேசி வைப்பது நியாயம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லோருக்கும் முழுக் கழுவல் வேண்டும், அன்றைக்கு ஆறு நிமிடக் கணக்கெல்லாம் செல்லாது. அதற்குத் தனியாகக் காசு கொடுப்பதுதான் முறை.

கடைசியாக, எங்கள் பிளாக்கில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் மாற்றத்தைச் சொல்கிறேன். மூடிய பேஸ்மென்டில் நிற்கும் காருக்குத் தினமும் துடைப்பு தேவையே இல்லை என்பது என் கருத்து. ஒவ்வொரு துடைப்பும் பெயின்டில் ஒரு தேய்ப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் திட்டத்தில் எல்லாக் காருக்கும் ஒரே கட்டணமாக மாதம் 350 ரூபாய் வைத்தோம். உள்பக்கம் மாதம் ஒரு முறை. ஒரு ஆளிடம் 40 கார்கள், நாளுக்கு 20. டூவீலரும் உள்பக்க வேலையும் போக, ஒரு காருக்கு ஏழு நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது. அவருக்கு வருவது காரில் 14,000, டூவீலரில் 2,000, மொத்தம் 16,000. முன்பைவிட 300 ரூபாய்தான் குறைவு. காரில் அவர் துணி படுவது பாதியாகிவிட்டது.

இதற்கு ஒரே வளாகத்தில் 40 பேர் சேர வேண்டும், அதில் பாதிப் பேர் இரட்டைப்படை நாளுக்கு ஒப்ப வேண்டும். வெட்டவெளியில், மரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்கு இது ஒத்துவராது. பறவை எச்சம் இரண்டு நாள் வெயிலில் காய்ந்தால் பெயின்டில் தழும்பு விழுந்துவிடும். அவர்கள் பழைய தினசரித் திட்டத்திலேயே இருக்கிறார்கள். மற்றவர்களில் மூன்று பேர் இரண்டாம் வாரமே திரும்பிவிட்டார்கள். பக்கத்து வண்டியின் வைப்பர் தூக்கி நிற்கும்போது தங்கள் வண்டியில் படுத்திருப்பதைப் பார்க்க முடியவில்லையாம்.